31 லட்சமும் 17 கோடியும்

ஐயம் எழுப்பியவர் செகந்திராபாத்தில் வாழும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. விக்கிப்பீடியாவின் பக்க உச்சியில் தோன்றும் நன்கொடை வேண்டுகோளைப் படித்து, மூன்று ஆண்டுகள் தவறாமல் முந்நூறு முந்நூறு ரூபாயாக அனுப்பியவர். 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்பவர் யார், அவரிடம் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் கடன் கொடுக்காத கைகள் அவருடையவை. நன்கொடைக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு என்று நினைத்தவர், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் 2022–23 தணிக்கை அறிக்கையைத் தேடி எடுத்து, கணக்குத் தாள்களை மட்டும் அச்சிட்டுப் படித்தார்.

படித்து முடித்ததும், அதே குடியிருப்பில் வாழ்ந்துகொண்டு தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைகள் எழுதிவரும் ஓர் ஆய்வு மாணவருக்கு அவர் எழுதியது சுருக்கமான கடிதம். "தம்பி, இவர்களுடைய இணையச் சேவையகச் செலவு ஆண்டுக்கு 31 லட்சம் டாலர். கையிருப்பாக நிற்கும் நிகரச் சொத்து 25 கோடி டாலருக்கு மேல். இந்தக் கணக்குப்படி, இனி ஒரு காசு வாங்காமலே எண்பது ஆண்டுகள் விக்கிப்பீடியா ஓடும். பிறகு ஏன் என்னைப் போன்ற ஓய்வூதியக்காரனிடமும் கல்லூரிப் பிள்ளைகளிடமும் கையேந்துகிறார்கள்? என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. நீ அங்கே வேலை செய்கிறவன். உண்மையைச் சொல்."

மாணவருடைய பதில் இரண்டு நாள் கழித்துச் சென்றது. அது எழுதப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. பெரும்பாலும் இத்தகைய கேள்விகளுக்கு இருவகைப் பதில்கள்தாம் கிடைக்கின்றன. கேட்டவருக்கு விவரம் தெரியாது என்று ஒதுக்குவது ஒரு வகை. கேட்டவர் சொன்னதெல்லாம் சரி என்று ஒப்புக்கொண்டு, தானும் சேர்ந்து பழிப்பது மற்றொரு வகை. மாணவர் இரண்டையும் செய்யவில்லை. பெரியவர் எடுத்துக்காட்டிய எண்களையே அடிப்படையாகக் கொண்டு, அவற்றில் எது எதைக் குறிக்கிறது என்று வரிவரியாகப் பிரித்துப் பார்த்தார்.

முதலில் அவர் தம் நிலையைத் தெளிவாக்கினார். விக்கிப்பீடியாவில் எழுதுவோருக்கும் திருத்துவோருக்கும் அறக்கட்டளை ஊதியம் தருவதில்லை. எனவே "அங்கே வேலை செய்கிறவன்" என்பது பொருந்தாது. நன்கொடை கூடினாலும் குறைந்தாலும் தமக்கு ஆதாயமோ இழப்போ இல்லை என்று எழுதினார். அடுத்து, பெரியவர் குறிப்பிட்ட இரண்டு எண்களும் சரியானவை என்று உறுதிசெய்தார். நிகரச் சொத்து ஏறத்தாழ 25 கோடியே 50 லட்சம் டாலர். இணையச் சேவையக வழங்கல் என்ற தலைப்பில் காட்டப்பட்ட செலவு ஏறத்தாழ 31 லட்சம் டாலர். எண்ணில் பிழையில்லை. ஒன்றை மற்றொன்றால் வகுத்ததில்தான் சிக்கல் இருக்கிறது.

இதை விளக்க அவர் தேர்ந்துகொண்ட உவமை, கேட்டவருக்கு நன்கு பழகிய இடத்திலிருந்தே வந்தது. "ஐயா, ஒரு வங்கிக் கிளையின் கணக்கில் வாடகையும் மின்கட்டணமும் ஒரு வரி. அந்த வரியை மட்டும் பார்த்து, கிளையை நடத்த ஆகும் செலவு இவ்வளவுதான் என்று ஒருவர் சொன்னால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?" சேவையக வழங்கல் என்ற வரி ஏறத்தாழ அத்தகையதுதான். இயந்திரங்களை வைத்திருக்கும் தரவு மையங்களின் இடவாடகை, மின்சாரம், இணைய இணைப்பு ஆகியவை அதில் அடங்கும். இயந்திரங்களின் விலை அதில் அடங்காது. அவற்றை அறக்கட்டளை தானே வாங்கி வைத்துக்கொள்கிறது. வாங்கியது சொத்தாகப் பதிவாகி, ஆண்டுதோறும் தேய்மானமாக வேறொரு வரியில் கழிகிறது. வங்கியில் வேலை பார்த்த ஒருவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அந்த இயந்திரங்களை இயக்குகிறவர்களின் ஊதியமும் அந்த 31 லட்சத்தில் இல்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும் டெக்சசிலும் இரண்டு முதன்மைத் தரவு மையங்கள் இருக்கின்றன. ஒன்று செயலிழந்தால் மற்றொன்று உடனே முழுப் பாரத்தையும் ஏற்குமா என்று உறுதிசெய்ய, ஆண்டுக்கு இருமுறை வேண்டுமென்றே வேலையை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிப் பார்க்கிறார்கள். இவை தவிர, படிப்பவருக்கு அருகிலிருந்தே பக்கங்களைத் தருவதற்காக ஆம்ஸ்டர்டாம், சிங்கப்பூர் போன்ற இடங்களில் சிறு மையங்கள் உள்ளன. சிங்கப்பூர் மையம் 2018-இல் திறக்கப்பட்டது. செகந்திராபாத்தில் ஒருவர் ஒரு கட்டுரையைத் திறந்தால், பெரும்பாலும் அது அங்கே சேமித்து வைக்கப்பட்ட படியிலிருந்து வருகிறது. அங்கே இல்லாதபோதுதான் கேள்வி அமெரிக்காவுக்குச் செல்கிறது. இந்த ஏற்பாட்டை இரவும் பகலும் கண்காணிப்பவர்களும், மென்பொருளை எழுதித் திருத்துபவர்களும், நச்சுத் தாக்குதல்களைத் தடுப்பவர்களும் ஊதியப் பட்டியலில் இருக்கிறார்கள். வாடகை வரியில் அவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

ஆகவே பெரியவர் வகுத்திருக்க வேண்டிய எண் 31 லட்சம் அன்று. அந்த ஆண்டின் மொத்தச் செலவான ஏறத்தாழ 16 கோடியே 90 லட்சம் டாலர். அதைக் கொண்டு வகுத்தால் எண்பது ஆண்டுகள் என்பது ஒன்றரை ஆண்டாகச் சுருங்கிவிடுகிறது. வருமானம் முற்றாக நின்றுபோனால், இப்போதைய அளவிலேயே செலவு தொடர்ந்தால், பதினெட்டு மாதங்கள். அந்த நிகரச் சொத்து முழுவதும் ரொக்கமும் அன்று என்பதைச் சேர்த்துக்கொண்டால் இன்னும் சற்றுக் குறையும். நன்கொடையையே பெரிதும் நம்பி நடக்கும் ஒரு நிறுவனம் ஓராண்டுக்கும் சற்று மேற்பட்ட செலவைக் கையிருப்பாக வைத்திருப்பது பதுக்கல் அன்று. அவ்வளவும் இல்லாமல் நடந்தால்தான் ஒரு கணக்கர் கவலைப்பட வேண்டும்.

இவ்விடத்தில் பதிலை முடித்திருந்தால் அது வெற்றிகரமான வாதமாக இருந்திருக்கும்; நேர்மையான பதிலாக இருந்திருக்காது. பெரியவர் அடுத்துக் கேட்கக்கூடிய கேள்வியை மாணவர் தாமே எழுப்பிக்கொண்டார். மொத்தச் செலவு 17 கோடி டாலர் என்றால், அது ஏன் அவ்வளவு? செலவு அதிகம் என்பதே கையிருப்பு தேவை என்பதற்குச் சான்றாகிவிடுமா? ஆடம்பரமாகச் செலவழிப்பவனுக்கும் கையிருப்பு போதாமல்தான் இருக்கும்.

எனவே செலவான ஒவ்வொரு நூறு ரூபாயும் எங்கே போயிற்று என்று அவர் பிரித்துக் காட்டினார். ஊதியமும் பணியாளர் நலனும் ஏறத்தாழ 60 ரூபாய். தன்னார்வக் குழுக்களுக்கும் பிற அமைப்புகளுக்கும் வழங்கிய நிதியுதவி 14 ரூபாய். வழக்கறிஞர், ஆலோசகர் போன்ற தொழில்முறைச் சேவைகள் 9 ரூபாய். நன்கொடையைப் பெறுவதற்கே வங்கிகளுக்கும் அட்டை நிறுவனங்களுக்கும் கட்டியது 4 ரூபாய்க்குச் சற்று மேல். பெரியவர் பிடித்துக்கொண்ட சேவையக வழங்கல் 2 ரூபாய்க்கும் குறைவு. தேய்மானம், பயணம், அலுவலகம் முதலிய எஞ்சியவை சுமார் 10 ரூபாய்.

நன்கொடையைப் பெறும் செலவு ஏன் அவ்வளவு என்பதையும் அவர் விட்டுவிடவில்லை. பெருஞ்செல்வர் பத்துப் பேரிடம் பெறும் நிறுவனத்துக்கு இந்த வரி மிகச் சிறியதாக இருக்கும். லட்சக்கணக்கானோரிடம் சிறுசிறு தொகையாக வாங்கும்போது, ஒவ்வொரு தொகைக்கும் அட்டை நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. பெரியவரின் முந்நூறு ரூபாயிலும் அது நிகழ்ந்திருக்கும். சில பெரியவர்களின் தயவை நம்பாமல் பலரின் சிறு தொகையில் வாழ்வதற்குக் கொடுக்கும் விலை அது.

ஊதிய வரியில் தமிழ் வாசகருக்கு என்ன இருக்கிறது என்பதற்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு மட்டும் தந்தார். விக்கிப்பீடியாவில் தேடல் பெட்டியிலோ திருத்தும் பெட்டியிலோ சொடுக்கினால், எந்த மென்பொருளையும் நிறுவாமல் தமிழ்99 முறையிலோ ஒலிபெயர்ப்பு முறையிலோ தட்டச்சு செய்யலாம். இவ்வசதியின் முன்னோடி 'நாராயம்' என்ற கருவி. எழுத்தாணி என்று பொருள்படும் மலையாளச் சொல் அது. மலையாளத் தன்னார்வலர் ஒருவர் தொடங்கிய அக்கருவியை, பின்னர் அறக்கட்டளையின் மொழிப் பொறியாளர்கள் பல மொழிகளுக்கும் பொதுவான மொழித்தெரிவுக் கருவியோடு இணைத்துப் பராமரித்து வருகிறார்கள். தன்னார்வம் தொடங்கி வைக்கும். ஆண்டுக்கணக்கில் பழுது பார்ப்பதற்கு மாதச் சம்பளம் வாங்கும் ஒருவர் வேண்டியிருக்கிறது. உலாவிகள் மாறிக்கொண்டே இருக்கையில் பழுதுபார்ப்பு நின்றால், சில ஆண்டுகளில் அந்தப் பெட்டியில் தமிழ் வராது.

இதன் பின்னர் வருவது பதிலின் இரண்டாம் பகுதி. பெரியவரின் ஐயத்தில் நியாயம் உள்ள இடங்களை மாணவர் அதில் தாமாகவே எடுத்துவைத்தார்.

முதலாவது, வளர்ச்சி. 2012–13-இல் அறக்கட்டளையின் மொத்தச் செலவு ஏறத்தாழ 3 கோடியே 57 லட்சம் டாலர். பத்தே ஆண்டுகளில் அது நான்கரை மடங்குக்கு மேல் உயர்ந்திருக்கிறது. விக்கிப்பீடியா அப்போதும் நன்றாகத்தான் இயங்கியது. இவ்வளவு வளர்ச்சி தேவைதானா என்ற கேள்வியை வெளியார் மட்டும் கேட்கவில்லை. விக்கிப்பீடியாவின் பழைய பங்களிப்பாளர்களே பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். நிதியுதவி வரியிலும் சர்ச்சை உண்டு. 'அறிவுச் சமத்துவ நிதி' என்ற பெயரில் 45 லட்சம் டாலரை ஒதுக்கி, விக்கித் திட்டங்களோடு நேரடித் தொடர்பில்லாத வெளி அமைப்புகளுக்கு அறக்கட்டளை வழங்கத் தொடங்கியபோது, கொடுத்தவர்கள் இதற்காகவா கொடுத்தார்கள் என்று பங்களிப்பாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்தக் கேள்வி நியாயமானது என்றே மாணவர் எழுதினார்.

இரண்டாவது, பெரியவர் பார்த்த அறிக்கையில் இல்லாத பணம். 2016-இல் தொடங்கிய ஒரு நிலைவைப்பு நிதி தனியாக இருக்கிறது. பத்தாண்டுகளில் 10 கோடி டாலர் திரட்டுவது அதன் இலக்கு. 2021-இலேயே அந்த இலக்கு எட்டப்பட்டுவிட்டது. முதலைத் தொடாமல் விளைச்சலை மட்டும் பயன்படுத்தும் நோக்கம் கொண்ட அந்நிதி வேறோர் அமைப்பின் கணக்கில் இருப்பதால், அந்த 25 கோடியில் அது சேராது. பெரியவர் அறியாத இச்செய்தி அவருடைய வாதத்துக்கே வலுச் சேர்ப்பது. அறிந்தும் சொல்லாமல் விடுவது மறைத்தலுக்குச் சமம் என்று மாணவர் கருதினார்.

மூன்றாவதுதான் முக்கியமானது. பெரியவரை வருத்தியது தொகையைக் காட்டிலும் தொனி. வேண்டுகோளைப் படித்த ஒவ்வொரு முறையும், கொடுக்காவிட்டால் விக்கிப்பீடியா மூடப்பட்டுவிடும் என்றே அவர் எண்ணியிருந்தார். அந்த எண்ணம் பொய். பதினெட்டு மாதக் கையிருப்பும் நிலைவைப்பு நிதியும் உள்ள நிறுவனம் நாளை மூடப்படாது. அந்த எண்ணத்தைத் தோற்றுவிக்கும் சொற்களைப் பற்றி 2022 நவம்பரில் ஆங்கில விக்கிப்பீடியாவின் பங்களிப்பாளர்கள் முறையான கலந்துரையாடல் ஒன்றை நடத்தினார்கள். முன்வைக்கப்பட்ட வாசகங்கள் அவ்வடிவில் விக்கிப்பீடியாவில் இடம்பெறுவது தகாது என்பது அதன் முடிவு. அறக்கட்டளை அம்முடிவை ஏற்று, அந்த ஆண்டு இறுதி வேண்டுகோளின் சொற்களை மாற்றியது. அதன்பின் வாசகங்களை முன்கூட்டியே பங்களிப்பாளர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்கும் வழக்கமும் வந்தது. "எனவே ஐயா, உங்களுக்கு உறுத்தியது உங்களுக்கு மட்டும் உறுத்தவில்லை. அந்தக் கட்டுரைகளை எழுதுகிறவர்களுக்கும் உறுத்தியது" என்பது மாணவரின் வாசகம்.

இந்த மூன்றையும் ஒப்புக்கொண்ட பிறகும் அவர் ஒன்றை விட்டுக்கொடுக்கவில்லை. செலவு தேவைக்கு மேல் வளர்ந்திருக்கலாம்; வேண்டுகோள் தேவைக்கு மேல் அச்சுறுத்தியிருக்கலாம். இவை இரண்டும் உண்மையானாலும், விக்கிப்பீடியாவை 31 லட்சம் டாலரில் நடத்தலாம் என்பது உண்மையாகிவிடாது. எவ்வளவு குறைத்தால் போதும் என்ற வாதம் 17 கோடிக்குக் கீழே எங்கோ ஓரிடத்தில் நடக்க வேண்டியது. 31 லட்சத்தில் அது தொடங்கவே முடியாது. தவறான எண்ணை வைத்துக்கொண்டு சரியான குற்றச்சாட்டைச் சொன்னால், பதில் சொல்ல வேண்டியவர்கள் எண்ணைத் திருத்திவிட்டுக் குற்றச்சாட்டைக் கடந்து போய்விடுவார்கள். பெரியவரின் கேள்வி அவ்வாறு வீணாகக் கூடாது என்பதே தம் அக்கறை என்று அவர் எழுதியிருந்தார்.

இந்தியர் ஒருவர் கொடுக்குமுன் அறிய வேண்டிய இரண்டு நடைமுறைச் செய்திகளும் அதில் இருந்தன. அறக்கட்டளை அமெரிக்காவில் பதிவுபெற்றது. எனவே அதற்குக் கொடுக்கும் தொகைக்கு இந்தியாவில் வருமானவரி விலக்கு கிடையாது. மேலும், பக்க உச்சியில் தோன்றும் வேண்டுகோளின் வழியே தரும் பணம் பொதுநிதியில் சேர்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவுக்கென்று தனியே குறித்துக் கொடுக்க அங்கே வழியில்லை. தமிழுக்காகக் கொடுக்கிறோம் என்ற நினைவில் கொடுப்பவர் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

சேவையகம் தவிர வேறெதற்குப் பணம் வேண்டும் என்ற கேள்விக்கு, அக்கடிதம் சென்ற சில மாதங்களில் இந்தியாவிலேயே ஒரு விடை உருவாயிற்று. 2024-இல் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம், தன்னைப் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரை அவதூறானது என்று கூறி, 2 கோடி ரூபாய் இழப்பீடு கோரி, தில்லி உயர் நீதிமன்றத்தில் அறக்கட்டளையின் மேல் வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கைப் பற்றியே எழுதப்பட்டிருந்த ஒரு விக்கிப்பீடியாப் பக்கத்தை நீக்குமாறு அக்டோபரில் நீதிமன்றம் ஆணையிட, பக்கம் மறைக்கப்பட்டது. அறக்கட்டளை உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்க ஆணையைத் தள்ளுபடி செய்தது. மூல வழக்கில் எவர் பக்கம் நியாயம் என்பது வேறு கேள்வி. ஊதியமில்லாமல் எழுதும் ஒருவரால் உச்ச நீதிமன்றம் வரை வழக்கறிஞரை அமர்த்த இயலாது என்பதும், அச்செலவு தொழில்முறைச் சேவைகள், ஊதியம் என்ற வரிகளில்தான் வரும் என்பதும் இங்கே கவனிக்க வேண்டியவை.

பெரியவரின் மறுமொழி நான்கு வரிகள்தாம். எண்பது ஆண்டுக் கணக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதினார். பத்தாண்டுகளில் நான்கரை மடங்கு என்பது தமக்கு இன்னும் செரிக்கவில்லை என்றும் எழுதினார். இனி வேண்டுகோளின் சொற்களைப் பார்த்துக் கொடுப்பதில்லை. ஒவ்வோராண்டும் தணிக்கை அறிக்கை வந்த பிறகு, மொத்தச் செலவு, கையிருப்பு மாதங்கள், ஊதியத்தின் பங்கு ஆகிய மூன்றையும் முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கப் போகிறார். அந்த ஆண்டு அவர் கொடுக்கவில்லை.

மாணவர் அதற்கு வருந்தவில்லை. அறக்கட்டளையின் நிதியாண்டு சூன் மாதத்தோடு முடிகிறது, தணிக்கை அறிக்கை அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் வெளியாகும், ஆகவே ஆண்டு இறுதி வரை காத்திருக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் தெரிவித்தார்.